பாவாடையின் உள்மடிப்பில் ஒரு குறிப்பு

பொங்கலுக்கு முந்தைய வாரம் வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு பரணிலிருந்து பெட்டிகள் இறங்கும். வெள்ளையடிக்க ஆள் வரும் முன்பே பழைய சாமான்கள் திண்ணையில் குவிந்துவிடும். அந்தக் குவியலுக்குள்ளிருந்து யாரோ ஒருவருடைய பள்ளிச் சீருடையோ, கை ஒடிந்த பொம்மையோ தலைகாட்டும். உடனே ஒரு படம் எடுப்போம். குடும்பக் குழுவில் போடுவோம். படத்தின் கீழே ‘மலரும் நினைவுகள்’ என்றோ ‘அது ஒரு கனாக்காலம்’ என்றோ எழுதுவோம். நான்கைந்து பேர் கண்ணீர் முகம் போடுவார்கள். மறுநாள் காலை வணக்கச் செய்திகளுக்கு அடியில் அது போய்விடும்.

அந்த வரியில் தவறு ஏதுமில்லை. ஆனால் அதை எந்தப் படத்துக்குக் கீழே வேண்டுமானாலும் எழுதலாம், அதுதான் அதன் குறை. இருபது வருடம் கழித்து ஒரு பேரப்பிள்ளை அந்தப் படத்தைத் திறந்து பார்த்தால் ஒரு நீலத் துணி தெரியும், அவ்வளவுதான். யாருடையது, எந்த ஊர், எந்த வருடம், இதை ஏன் எடுத்து வைத்தார்கள் என்ற கேள்விகளுக்குப் படம் பதில் சொல்லாது. அவற்றைச் சொல்ல வேண்டியது படக்குறிப்பு. நல்ல குறிப்பு எழுத மொழித்திறமை பெரிதாகத் தேவையில்லை. பொருளை நிதானமாகப் பார்க்கத் தெரிந்தால் போதும், எழுத வேண்டியதில் பாதி அந்தத் துணியிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் வீட்டுப் பரணில் கிடைத்த ஒரு பாவாடையை வைத்தே சொல்கிறேன். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தகரப் பெட்டிக்குள், ஒரு ஜவுளிக்கடை மஞ்சப்பையில் சுற்றி வைத்திருந்த கருநீலப் பள்ளிப் பாவாடை. கூடவே காலர் பழுத்துப்போன ஒரு வெள்ளைச் சட்டை. வீட்டில் இரண்டு அக்காக்கள். பாவாடை பெரியக்காவுடையது என்று எல்லோருமே சொன்னோம். அதைத் தாண்டி யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

துணி பேசும் இடம்

பழைய சீருடை கையில் கிடைத்தால் முன்பக்கத்தைப் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே புரட்டிப் பாருங்கள். வெளிப்பக்கம் வெயிலும் சோப்பும் பட்டு வெளுத்திருக்கும். உள்தையல் ஓரத்தில்தான் துணியின் அசல் நிறம் தங்கியிருக்கும். எங்கள் பாவாடை வெளியே சாம்பல் நீலமாகத் தெரிந்தது. பக்கத் தையலை விரித்துப் பார்த்தபோது உள்ளே நல்ல கருநீலம். குறிப்பில் ‘நீலப் பாவாடை’ என்று எழுதுவதா, ‘கருநீலப் பாவாடை’ என்று எழுதுவதா என்பதை அந்த ஓரம்தான் முடிவு செய்தது.

அடுத்து அடிப்பகுதி. வளரும் பெண் பிள்ளைக்குப் பாவாடை தைக்கும்போது தையல்காரர் கேட்காமலே ‘டக்’ பிடிப்பார். கீழ்விளிம்புக்கு மேலே துணியைச் சுற்றிலும் ஒரு மடிப்பு மடித்து ஒரு தையல் ஓட்டிவிடுவார். பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தையலைப் பிரித்தால் பாவாடை நீளும். ஒரு அங்குல மடிப்பு இரண்டு அங்குலத் துணியை விழுங்கியிருக்கும் என்பதால், அதைப் பிரித்தால் இரண்டு அங்குலம் இறங்கும். சிக்கனமான வீடுகளில் இரண்டு, மூன்று டக் வைத்துத் தைப்பதுண்டு. துணி எடுப்பது ஒருமுறை, உடுத்துவது சில வருடம்.

பிரித்த டக் தன் தடத்தை விட்டுச் செல்லும். மடிப்புக்குள் மறைந்திருந்த துணி வெளுத்திருக்காது, அதனால் சுற்றிலும் ஒரு கருத்த பட்டை தெரியும். அந்தப் பட்டையின் நடுவில், மடிப்பின் விளிம்பு உராய்ந்து தேய்ந்த இடத்தில், வெளிறிய கோடு ஒன்று ஓடும். பட்டையின் இரு கரைகளிலும் தையல் மெஷின் ஊசி போட்ட துளிகள் வரிசையாக இருக்கும். துணியை ஜன்னலுக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தால் அந்தத் துளிகளில் வெளிச்சம் கசியும்.

எங்கள் பாவாடையில் மூன்று டக்குகளுக்கான இடம் இருந்தது. கீழ் டக் பிரித்திருந்தது. மேல் டக் பிரிக்கப்படவே இல்லை. மெஷினில் ஓட்டிய நீல நூல் அப்படியே இருந்தது. நடுவில் இருந்த டக்தான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது. அதுவும் மடித்துத்தான் இருந்தது. ஆனால் தைத்திருந்தது கறுப்பு நூலில், கையால், சற்றே ஏறி இறங்கும் தையலாக. அதற்குப் பக்கத்திலேயே பழைய மெஷின் துளிகள் காலியாகக் கிடந்தன. பழைய மடிப்பின் வெளிறிய கோடு புதிய மடிப்பின் விளிம்போடு பொருந்தாமல் ஒரு நூல் தள்ளி நின்றது. அதாவது, இந்த டக்கை ஒருமுறை பிரித்திருக்கிறார்கள். பிறகு யாரோ அதை மறுபடியும் மடித்துத் தைத்திருக்கிறார்கள்.

வளர்கிற பிள்ளைக்கு யாரும் பாவாடையைக் குறுக்க மாட்டார்கள். அப்படியென்றால் இதை உடுத்தியது ஒரு பிள்ளை மட்டும் இல்லை. இடுப்புப் பட்டியிலும் அதற்கு ஒரு சாட்சி கிடைத்தது. இப்போது கொக்கி இருக்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் தள்ளி, பழைய கொக்கியின் துருக்கறை பழுப்பாகப் பதிந்திருந்தது. இடுப்பையும் ஒருமுறை மாற்றியிருக்கிறார்கள்.

இதே பட்டியின் உள்பக்கம் சின்னதாக ஒரு கறுப்புக் குறி இருந்தது, இரண்டு புள்ளியும் ஒரு பெருக்கல் அடையாளமும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே தெரியும். துணி வெளுக்கப் போடும்போது வீடு மாறிவிடாமல் இருக்கச் சலவைத் தொழிலாளர் போடும் சலவைக்குறி. சேராங்கொட்டையின் சாற்றைத் தொட்டுப் போடுவார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் அது கறுத்துப்போய், எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. சாறு தோலில் பட்டால் கொப்புளம் வரும், அதனால் பழகியவர்கள் மட்டுமே கையாள்வார்கள். இந்தக் குறி வீட்டுக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று கிடையாது. அப்பாவின் பழைய வேட்டியிலும் இதே இரண்டு புள்ளியும் பெருக்கலும் இருந்தன. ஆகவே இது எங்கள் வீட்டுத் துணிதான் என்பது உறுதியானது. உடுத்தியது யார் என்பதை இந்தக் குறி சொல்லாது. எந்தத் தடயம் எதுவரை சொல்லும், எங்கே வாயை மூடிக்கொள்ளும் என்று தெரிந்துவைத்திருப்பது இந்த வேலையில் முக்கியம்.

வெள்ளைச் சட்டை சுத்தப் பருத்தியா, டெரிகாட்டனா என்று அறிய வேண்டுமானால், உள்தையலில் தொங்கும் பிசிறு நூல் ஒன்றை மட்டும் எடுத்துத் தீயில் காட்டலாம். பருத்தி காகிதம் போலப் பொசுங்கிச் சாம்பலாகும். செயற்கை இழை கலந்திருந்தால் சுருங்கி, ஆறியதும் விரலில் கடினமாக ஒரு மணி தட்டுப்படும். எங்கள் சட்டையில் மணி தட்டுப்பட்டது. பிசிறு இல்லையென்றால் இந்தச் சோதனையே வேண்டாம். துணியைக் கிழித்து அறிய வேண்டிய அளவுக்கு இது பெரிய செய்தி இல்லை.

வருடம் எங்கே இருக்கிறது?

குறிப்பில் பெரும்பாலும் தப்பிப்போவது வருடம்தான். ‘எண்பதுகளில்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிடுகிறோம். கொஞ்சம் தேடினால் வருடத்தை நெருங்கிவிடலாம். தமிழ்நாட்டில் அதற்கு வசதியான எல்லைக்கற்கள் சில உண்டு.

எங்கள் பாவாடையைச் சுற்றியிருந்த மஞ்சப்பையில் ஜவுளிக்கடையின் முகவரி அச்சாகியிருந்தது. ஊர்ப் பெயருக்குக் கீழே ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று இருந்தது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிந்தது 1985-இல். எனவே அந்த அச்சு அதற்கு முந்தையதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதே முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண்ணும் இருந்தது. பின்கோடு நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. ஆக, பை 1972-க்குப் பிந்தியது, ஏறத்தாழ 1985-க்கு முந்தியது. இரண்டு வரி முகவரி பதின்மூன்று ஆண்டுகளுக்குள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

ஆனால் பையின் வயது பையின் வயதுதான். பாவாடையை எப்போது வேண்டுமானாலும் அந்தப் பையில் போட்டிருக்கலாம். பொம்மை வந்த டப்பா, சீருடை சுற்றிய பேப்பர், பெட்டிக்குள் விரித்த பழைய நாளிதழ் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவை துணைச் சாட்சிகள், அவற்றை மட்டும் வைத்து வருடம் எழுதிவிடக் கூடாது.

எழுத்துருவத்தையும் பலர் நம்புகிறார்கள். தும்பிக்கை வைத்த பழைய லை, ணை, னை ஆகியவற்றை மாற்றித் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை வெளியிட்டது 1978-இல். ஒரு பொம்மை டப்பாவில் பழைய லை இருந்தால் அது 1978-க்கு முந்தியதாக இருக்கலாம் என்று தோன்றும். அச்சகங்களோ கையில் இருந்த ஈய எழுத்துகளை ஒரே நாளில் தூக்கி எறிந்துவிடவில்லை, பழைய அச்சு அதன் பிறகும் சில காலம் ஓடியது. மறுபுறம், பெரியார் தம் ‘குடிஅரசு’ இதழில் புதிய வடிவத்தை 1935-லேயே புகுத்திவிட்டார். எனவே எழுத்துருவத்தைப் பார்த்து ‘ஏறத்தாழ’ என்று சொல்லலாம். அதற்கு மேல் அதன்மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

உறுதியான வருடம் வேண்டுமென்றால் காகிதத்துக்குப் போக வேண்டும். பெரியக்காவின் மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி., அப்பாவின் கோப்பில் இருந்தது. 1976 ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பள்ளிக்கூட ஆண்டு ஜூனில் தொடங்குவது என்பதால் ஆறாம் வகுப்பு 1976-77. எட்டாம் வகுப்பு முடிந்தது 1979 ஏப்ரலில்.

டி.சி. கிடைக்காத வீடுகளில் வயதைக் கொண்டு கணக்குப் போடுவார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தத் தலைமுறையில் பலருக்குப் பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் எழுதிய தேதியே பிறந்த தேதி ஆகிவிட்டது. ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டு வைத்தவர்கள் ஏராளம். ஜாதகத்தில் ஒரு வயது, சான்றிதழில் ஒரு வயது. எந்தக் கணக்கில் வருடம் வந்தது என்பதைக் குறிப்பில் ஒரு சொல்லாவது எழுதிவைக்க வேண்டும்.

வகுப்பின் பெயரிலும் கவனம் வேண்டும். வீட்டில் பெரியவர்கள் ‘தேர்டு ஃபாரம் படிக்கும்போது’ என்பார்கள். ஃபர்ஸ்ட் ஃபாரம் என்றால் இன்றைய ஆறாம் வகுப்பு. அந்த வரிசையில் தேர்டு ஃபாரம் எட்டாம் வகுப்பு. அதேபோல் ‘பதினொன்று முடித்தேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பாதியில் நின்றவர் என்று நினைத்துவிடக் கூடாது. பிளஸ் டூ முறை தமிழ்நாட்டில் 1978-இல் வந்தது. அதற்கு முன் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.எஸ்.எல்.சி. பதினோராம் வகுப்பில்தான் இருந்தது. ‘அத்தை பதினொன்றோடு படிப்பை நிறுத்திவிட்டார்’ என்று அந்தக் காலத்துப் படத்துக்குக் குறிப்பு எழுதினால், பள்ளிப் படிப்பை முழுதாக முடித்த ஒரு பெண்ணைப் பாதியில் நின்றவர் ஆக்கிவிடுவோம்.

அரசுப் பள்ளிச் சீருடையாக இருந்து, அது எண்பதுகளின் பிற்பாதிக்குப் பிந்தியது என்றால் இன்னொன்றையும் கேட்டுவிடுங்கள். கடையில் எடுத்ததா, பள்ளியில் கொடுத்ததா? சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு விலையில்லாச் சீருடை தரும் திட்டம் 1985-இல் தொடங்கியது. அந்தத் துணியை நெய்தவர்கள் கூட்டுறவுச் சங்க நெசவாளர்கள். தைத்தவர்கள் மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள். ‘பள்ளியில் கொடுத்தது’ என்ற இரண்டு சொல் குறிப்பில் சேர்ந்தால் அந்தத் துணியின் பின்னால் இத்தனை கைகளும் வந்து நிற்கும்.

அக்காவிடம் கேட்டது

துணியும் காகிதமும் ஓர் எல்லை வரைதான் வரும். கறுப்பு நூலைத் தைத்தது யார் என்பதற்கு ஆள் வேண்டும். பெரியவர்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முழுப் பாவாடைப் படத்தை அனுப்பி ‘ஞாபகம் இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘ஆமாம்டா, அதெல்லாம் ஒரு காலம்’ என்பதோடு முடிந்துவிடும். சின்ன இடத்தின் படத்தை அனுப்பி, சின்னக் கேள்வியாகக் கேட்க வேண்டும். நாம் கண்டுபிடித்ததை முதலிலேயே சொல்லிவிடவும் கூடாது. சொன்னால் அவர்கள் அதற்குத் தலையாட்டிவிடுவார்கள். நான் நடு டக்கின் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு பெரியக்காவுக்கு போன் போட்டேன்.

“அக்கா, இந்தக் கறுப்பு நூல் தையல் யாரு போட்டது?”

“அட, இது நம்ம அம்மா கைதாண்டா. நீல நூல் தீர்ந்துபோச்சு, உள்பக்கம்தானேன்னு கறுப்புல தைச்சாங்க.”

“பிரிச்சதை எதுக்கு மறுபடி தைக்கணும்?”

“எனக்கா தைச்சாங்க? சின்னவளுக்கு! அவ ஆறாவது போறப்ப என் பாவாடையைக் கட்டிவிட்டா தரையைப் பெருக்குச்சு. அழுதா பாரு, புதுசுதான் வேணும்னு. ஒரு வருஷம் கட்டினா. மறு வருஷம் அப்பா புதுசு எடுத்துக் கொடுத்துட்டாரு.”

“மேல இருக்கிற டக்கை ஏன் பிரிக்கவே இல்ல?”

“ஒன்பதாவதுல தாவணி போட்டாச்சே. தாவணிக்கு வேற பாவாடை தைச்சாங்க. அதுக்குள்ள இது சின்னவளுக்குப் போயிருச்சு.”

சின்னக்காவிடம் தனியாகக் கேட்டேன். அழுததை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடம் உடுத்தியது உண்மை என்றாள். அவள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தது 1979 ஜூன். அப்படியானால் பாவாடை 1980 ஏப்ரல் வரை பள்ளிக்குப் போயிருக்கிறது. துணியில் கண்டது, காகிதத்தில் இருந்தது, இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. இருவர் சொல்வதும் முரண்பட்டால், இரண்டையும் ‘இன்னார் சொன்னது’ என்று எழுதிவிடுவதுதான் நேர்மை. நாமே நடுவராக இருந்து ஒன்றை அழித்துவிட வேண்டியதில்லை.

பேசும்போது அவர்கள் சம்மதத்தோடு போனிலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். ‘தரையைப் பெருக்குச்சு’ என்ற சொல்லைப் பிற்பாடு நினைவிலிருந்து எழுதினால் ‘நீளமாக இருந்தது’ என்று ஆகிவிடும்.

இனி எழுதுவது

இவ்வளவையும் குறிப்பில் கொட்டக் கூடாது. படத்தில் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். யாருடையது, எந்த ஊர், எந்தக் காலம் என்று முதலில் சொல்லிவிட்டு, பார்த்தால் தெரியாத ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, அது எப்படித் தெரிந்தது என்று முடித்தால் போதும். கொக்கியின் துருக்கறை, சலவைக்குறி, மஞ்சப்பை எல்லாமே எனக்குப் பிடித்தவைதான். அவை கண்டுபிடிக்க உதவின, எழுதும்போது வெளியே நிற்கட்டும். நான் எழுதியது இது:

“பெரியக்காவும் சின்னக்காவும் அடுத்தடுத்து உடுத்திய பள்ளிப் பாவாடை, ஸ்ரீவில்லிபுத்தூர், 1976 ஜூன் முதல் 1980 ஏப்ரல் வரை. பெரியக்கா வளர வளரப் பிரித்த நடு டக்கை, அவளைவிடக் குட்டையான சின்னக்காவுக்காக அம்மா மறுபடி மடித்துத் தைத்தார். கறுப்பு நூல் அம்மாவின் கைத்தையல். வருடம் பள்ளிச் சான்றிதழ்களின்படி, மற்றவை அக்காக்கள் சொன்னபடி.”

நாற்பது சொற்களுக்குக் கொஞ்சம் குறைவு. ‘பாசம்’, ‘நினைவு’, ‘ஏக்கம்’ என்ற சொல் ஒன்றுகூட இல்லை. எங்கள் குழுவில் இதைப் போட்டபோது யாரும் பொம்மை முகம் போட்டுவிட்டுப் போகவில்லை. சித்தி ஒருவர் தம் வீட்டில் சட்டைக்குக் கை நீட்டித் தைத்த கதையை எழுதினார். அத்தை மகன் சலவைக்குறி பற்றிக் கேட்டான். நல்ல குறிப்பு அடுத்தவரின் நினைவைக் கிளறிவிடும், வெறும் பெருமூச்சால் அது முடியாது.

இதே குறிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ‘பெரியக்கா’ எனக்குத்தான் பெரியக்கா. என் மகளுக்குப் பெரியத்தை, அவள் பிள்ளைக்கு யாரோ. உறவுமுறைச் சொல் எழுதுகிறவரோடு ஒட்டியது, எழுதியவர் போனதும் அது யாரைச் சுட்டுகிறது என்பதும் போய்விடும். எனவே வீட்டில் வைத்துக்கொள்ளும் பிரதியில் பெயர் எழுத வேண்டும். பெயரிலும் நம்மிடம் ஒரு சிக்கல். பெண்களின் முதலெழுத்து திருமணத்துக்கு முன் அப்பாவுடையது, பின் பெரும்பாலும் கணவருடையது. ஒரே பெண் இரண்டு படங்களில் இரண்டு ஆளாகத் தெரிவார். ‘இன்னாரின் இரண்டாவது மகள், பிற்பாடு இந்த ஊரில் வாழ்ந்தவர்’ என்று விரித்து எழுதிவிட்டால் குழப்பம் இராது.

ஊரறியப் போடும் படத்தில் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளுங்கள். முழுப்பெயர், பிறந்த தேதி, பள்ளியின் பெயர் பொறித்த பேட்ஜ் மூன்றும் ஒரே படத்தில் வெளியே போக வேண்டாம். ‘நீங்கள் முதலில் படித்த பள்ளி எது?’ என்பது இணையக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்று. பேட்ஜை மடித்து மறைத்துப் படமெடுத்தால் படத்தின் அழகு குறையாது.

படமும் குறிப்புக்கு உதவ வேண்டும். ஃபிளாஷ் போட்டால் மடிப்பும் தையலும் தட்டையாகிவிடும். காலை வெளிச்சம் வரும் ஜன்னலோரத்தில் துணியை விரித்து, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி எடுத்தால் பிரித்த டக்கின் தடம்கூட எழுந்து நிற்கும். முழுப்படம் ஒன்று, குறிப்பில் சொல்லும் இடத்தின் நெருக்கப்படம் ஒன்று. இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும்.

பொம்மைக்கு இதோடு இன்னொன்று தேவை, அளவு. அம்பாசமுத்திரம் செப்புச் சாமான் பெட்டி எங்கள் பரணில் இருந்தது. அதிலிருந்த மரக் குடத்தைத் தனியாகப் படமெடுத்தால் நிஜக் குடமா, சொப்பா என்று தெரியாது. பக்கத்தில் ஓர் அடிக்கோல் வைத்து எடுத்தேன், இரண்டு அங்குலம். இந்தச் சொப்புகளைக் கடைசல் பிடித்துச் செய்கிறார்கள். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்த, உராயும் சூட்டில் நிறம் உருகி மரத்தில் ஏறும். அடியைத் திருப்பிப் பார்த்தால் கடைசல் உளி விட்ட வட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். எங்கள் குடத்தின் விளிம்பில் சின்னதாக நான்கு பல் தடம் இருந்தது. அது யார் பல் என்று மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். அதனால் குறிப்பில் ‘கடித்தது யார் என்பதில் உடன்பாடு இல்லை’ என்றே எழுதியிருக்கிறேன். பழைய பொம்மையைப் படமெடுத்த கையோடு வீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். பழைய பெயின்ட்களில் ஈயம் இருந்திருக்கலாம், குழந்தை எதையும் வாயில் வைக்கும்.

எழுதிய குறிப்பு படத்தோடு ஒட்டி நிற்பதுதான் கடைசி வேலை. இங்கேதான் பலருடைய உழைப்பு வீணாகிறது. போன் தானாகப் பதியும் தேதி படம் எடுத்த தேதி, பாவாடையின் தேதி இல்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் தகவல்களில் பெரும்பாலானவை உதிர்ந்துவிடும். படத்தின் கீழே தட்டச்சு செய்த வரியும் அந்த உரையாடலில்தான் தங்கும், சேமித்த படத்தோடு போகாது. எளிய வழி, கோப்பின் பெயரையே மாற்றிவிடுவது. எங்கள் படத்தின் பெயர் இப்போது இப்படி இருக்கிறது:

```
1976-1980_பாவாடை_ஸ்ரீவில்லிபுத்தூர்.jpg
```

முழுக் குறிப்பை ஒரு தாளில் எழுதி, அந்தத் தாளையும் பொருளையும் சேர்த்து இன்னொரு படம் எடுத்துவிட்டால், எங்கே அனுப்பினாலும் எழுத்து படத்துக்குள்ளேயே இருக்கும். அச்சுப்போட்ட படமாக இருந்தால் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுத வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், லேசாக எழுதுங்கள். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது, அப்போது உறையின் மீது எழுதி, மை காய்ந்த பிறகு படத்தை உள்ளே வையுங்கள். பாவாடையை வைத்திருந்தால் அதோடும் குறிப்பின் ஒரு பிரதி போகட்டும். துணியில் குண்டூசி குத்த வேண்டாம், துரு ஏறும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருக்கும். படத்தைக் குழுவில் போடும் முன் அதை உள்ளே புரட்டிப் பாருங்கள். அதை உடுத்தியவரோ, தைத்தவரோ, வாங்கிக் கொடுத்தவரோ உயிரோடு இருந்தால் இந்த வாரமே போன் செய்து, ஒரே ஒரு தையலைப் பற்றியோ கறையைப் பற்றியோ கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள்.